"உங்ககிட்ட ஒண்ணு பேசணும்": நேரம் குறித்து அனுப்பும் அந்தக் குறுஞ்செய்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பதியருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். பெரிய விஷயத்தை எப்படிப் பேசுவது என்று கேட்பவர்களை விட, பேசப் போகிறேன் என்பதையே எப்படிச் சொல்வது என்று திணறுகிறவர்கள்தான் அதிகம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். மாதிரிச் செய்திகளில் வரும் நீ, நீங்க எல்லாவற்றையும் உங்கள் வீட்டு வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டுலதான் இருக்கோம். நேரா போய் பேசிட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு மெசேஜ்?

சின்ன விஷயமென்றால் நேராகவே பேசிவிடுங்கள். கடன், வேலையை விடுவது, பெற்றோரை உடன் வைத்துக்கொள்வது, குழந்தை வேண்டுமா வேண்டாமா, உடைந்துபோன நம்பிக்கை போன்றவற்றில்தான் சிக்கல். நீங்கள் அதைப் பல நாளாக மனதில் போட்டுப் புரட்டியிருப்பீர்கள். குளிக்கும்போது ஒத்திகை கூடப் பார்த்திருப்பீர்கள். எதிரில் இருப்பவருக்கோ அந்த நொடியில்தான் விஷயமே தெரிகிறது. வெளியே போய்விட்டு வந்து இன்னும் பையைக் கூட இறக்கி வைக்காதவரிடம் ஆரம்பித்தால், அவர் விஷயத்தை யோசிக்க மாட்டார். எப்படித் தப்பிப்பது என்று யோசிப்பார், இல்லாவிட்டால் திருப்பித் தாக்குவார்.

நேரிலேயே சொல்லி நேரம் குறிக்கவும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் "ராத்திரி ஒண்ணு பேசணும்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னதும் "என்னது?" என்று கேள்வி வரும். அதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போக நம்மில் பலருக்கு வராது. நின்ற இடத்திலேயே பேச்சு தொடங்கிவிடும், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடந்துவிடும். எழுத்தில் அனுப்பினால் அந்த இடைவெளி தானாகக் கிடைக்கிறது.

"நாம பேசணும்"னு மட்டும் அனுப்பினா போதாதா? மீதியை நேர்ல சொல்லிக்கலாமே.

போதாது. ஒன்றுமே அனுப்பாமல் இருப்பதை விடவும் சில சமயம் இது மோசம். இந்த இரண்டு சொல்லைப் பார்த்தவர் மாலை வரை என்ன செய்வார்? தான் செய்த, செய்யாத எல்லாத் தப்பையும் வரிசையாக எடுத்துப் பார்ப்பார். உடம்புக்கு ஏதாவதா, பிரிவா, வேறு யாராவதா என்று மனம் ஓடும். நீங்கள் பேச வந்தது வாடகை விஷயமாக இருக்கலாம். ஆனால் அவர் அதற்குள் பத்து விதமாகச் செத்துப் பிழைத்திருப்பார்.

2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கணினி விளையாட்டு ஒன்றில் கல்லைப் புரட்டும்போது அடியில் பாம்பு இருந்தால் கையில் லேசான மின் அதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதட்டத்தை விட, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் பதட்டம் உச்சத்தில் இருந்தது. தெரிந்த கெட்ட செய்தியை விடத் தெரியாத செய்தி அதிகமாக வாட்டும் என்பது நமக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான். ஆகவே உங்கள் செய்தியின் முதல் வேலை, எதைப் பற்றி என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது.

அப்போ அந்த மெசேஜ்ல என்னென்ன இருக்கணும்?

ஒரு உதாரணத்தோடு போவோம். ஒரு மனைவி. கணவரின் கிரெடிட் கார்டு பில் தற்செயலாகக் கண்ணில் படுகிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டியிருக்கிறார், பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. முதலில் மனைவி தட்டியது: "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், வீட்டுக்கு வாங்க." அழித்துவிட்டு அடுத்து: "எத்தனை மாசமா இதை மறைச்சு வச்சிருக்கீங்க? என்னைப் பார்த்தா ஏமாளியா தெரியுதா?" முதலாவது எதையுமே சொல்லவில்லை. இரண்டாவது சண்டையைத் தொடங்கியே விட்டது. கடைசியில் அனுப்ப வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கார்டு பில் பார்த்தேன், எனக்குக் கவலையா இருக்கு. மொத்தம் எவ்வளவு பாக்கி, எப்படி அடைக்கலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து பார்க்கணும். இன்னைக்கு பாப்பா தூங்கினதும், 9 மணிக்கு மேல, ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியுமா? இன்னைக்கு முடியலைன்னா நாளைக்கு எப்போன்னு சொல்லுங்க."

இதில் விஷயம் இன்னது என்று முதல் நான்கு சொற்களுக்குள் தெரிந்துவிடுகிறது. மனைவியின் மனநிலை ஒரே சொல்லில் இருக்கிறது, அதுவும் உண்மையான சொல். அடுத்த வரி, பேச்சின் நோக்கம் என்ன என்று சொல்கிறது: தண்டனை கொடுக்க இல்லை, கணக்குப் பார்க்க. பிறகு நேரம், எவ்வளவு நேரம் என்பது. இந்த "எவ்வளவு நேரம்" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடிய விடிய நடக்குமோ என்ற பயம்தான் பலரைப் பேச்சுக்கே வரவிடாமல் தடுக்கிறது. முக்கால் மணி என்று தெரிந்தால் உட்கார்ந்துவிடுவார். கடைசி வரி நேரத்தை மாற்றும் உரிமையை அவருக்குத் தருகிறது, பேசுவதா வேண்டாமா என்பதை அல்ல. "எப்போன்னு சொல்லுங்க" என்று முடித்தது அதற்காகத்தான்.

"கோபம் எல்லாம் இல்ல", "சண்டை போடப் போறதில்ல" என்று சேர்க்கலாமா என்று கேட்பார்கள். உண்மையிலேயே கோபம் இல்லையென்றால் சேருங்கள். உள்ளே கொதித்துக்கொண்டு அப்படி எழுதினால், 9 மணிக்கு உங்கள் குரலே உங்களைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை நீங்கள் எழுதும் எந்த ஆறுதல் சொல்லையும் அவர் நம்ப மாட்டார்.

விஷயத்தையே மெசேஜ்ல போட்டுட்டா, அங்கேயே சண்டை ஆரம்பிச்சிடாதா?

விஷயத்தின் பெயரைப் போடுங்கள், தீர்ப்பைப் போடாதீர்கள். "கார்டு பில்" என்பது பெயர். "மறைச்சு வச்சிருக்கீங்க" என்பது தீர்ப்பு. பெயரைப் பார்த்தவர் தயாராவார், தீர்ப்பைப் பார்த்தவர் அங்கேயே மறுப்பு எழுத ஆரம்பிப்பார். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை அவர் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். படித்ததும் "இல்லை, நான் அப்படிச் செய்யலை" என்று சொல்லத் தோன்றுகிறதா? அப்படியானால் அந்த வரி 9 மணிக்கு உரியது, இப்போது வெட்டிவிடுங்கள். "ஏன்", "எப்பவுமே", "ஒரு தடவை கூட" என்ற சொற்கள் இருக்கும் வரிகளில்தான் பெரும்பாலும் தீர்ப்பு ஒளிந்திருக்கும்.

நீளமும் ஒரு அடையாளம். போன் திரையில் உருட்டாமல் படித்து முடிக்க முடியவில்லை என்றால், நீங்கள் நேரம் கேட்கவில்லை, வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதித் தீர்த்தே ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது பயன்படும்.

எவ்வளவு நேரம் முன்னாடி அனுப்பணும்? காலையிலேயே அனுப்பிடலாமா?

என் கணிப்பில் மூன்று, நான்கு மணி நேரம் நல்ல இடைவெளி. அதிகபட்சம் ஒரு நாள். அதிர்ச்சி அடங்கி யோசிக்கத் தொடங்க இது போதும், கற்பனை காடாக வளர்வதற்குள் நேரமும் வந்துவிடும். "ஞாயித்துக்கிழமை பேசலாம்" என்று திங்கட்கிழமை அனுப்புவது ஒருவரை ஆறு நாள் காத்திருக்க வைப்பது. விஷயம் லேசாக இருந்து, இருவருக்கும் அதற்கு முன் நேரமே இல்லை என்றால் மட்டும் அப்படிச் செய்யலாம்.

அனுப்பும் நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்றும் பாருங்கள். வண்டி ஓட்டும் நேரம், அலுவலகத்தில் முக்கியமான மீட்டிங், தேர்வு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் வேண்டாம். தூங்கப் போகும் முன் "நாளைக்கு ஒரு சீரியஸான விஷயம் பேசணும்" என்று அனுப்பினால் இரண்டு பேருக்குமே அன்று தூக்கம் இருக்காது. வேலை முடியும் தறுவாயில் அனுப்பி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு பேசுவது பலருக்கும் ஒத்துவருகிறது. பேசும் நேரத்தைக் குறிக்கும்போது பசி, தூக்கம், விருந்தாளி மூன்றும் இல்லாத நேரமா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. குழந்தைகள் காதில் விழாத இடம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"என்ன விஷயம்? இப்பவே சொல்லு"ன்னு உடனே பதில் வந்துட்டா?

பெரும்பாலும் வரும். அதை அடாவடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பதட்டம் அப்படித்தான் பேசும். ஒரே ஒரு படி கூடுதலாகச் சொல்லி, அத்தோடு நிறுத்துங்கள். நம் உதாரணத்தில் பேச்சு இப்படிப் போகலாம்.

"எந்த பில்? எவ்வளவு பார்த்த?"
"போன மாச பில். மொத்தத் தொகையும் பார்த்தேன். விவரமா நைட்டு பேசுவோம், மெசேஜ்ல பேசினா தப்பா போயிடும்."
"என் மேல கோபமா இருக்கியா?"
"கொஞ்சம் இருக்கு. அதை விடக் கவலைதான் அதிகம். 9 மணிக்கு உக்காருவோம்."

இரண்டு பதிலுக்கு மேல் போனால் நீங்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள். அதன் பிறகும் அவர் விடவில்லை, கைகால் ஓடவில்லை என்கிறார் என்றால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். "சரி, பத்து நிமிஷம் தனியா இருக்கிற இடத்துக்குப் போயிட்டு கூப்பிடுங்க" என்று சொல்லி, போனில் சாரத்தை மட்டும் சொல்லுங்கள். அவர் பதறாமல் இருக்கத்தானே நேரம் குறித்தோம். குறித்த நேரமே அவரை வதைத்தால் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

ப்ளூ டிக் வந்துடுச்சு, பதிலே வரலை. திரும்ப அனுப்பலாமா?

உடனே வேண்டாம். படித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்கள் அநேகம். "பார்த்துட்டு பதில் போடலை பார்த்தியா" என்று அடுத்த செய்தி போனால், பேச வேண்டிய விஷயத்தோடு இதுவும் ஒரு வழக்காகச் சேர்ந்துவிடும். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரே வரி போதும்: "9 மணி ஓகேவா, இல்ல நாளைக்கு வச்சுக்கலாமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியும், அதனால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். அதற்கும் வரவில்லையென்றால் நேரில் பார்க்கும்போது அதே கேள்வியை அதே தொனியில் கேளுங்கள்.

"சரி"ன்னு சொல்லிடுறார். நேரம் வந்ததும் தலைவலி, தூக்கம், வேலைன்னு நழுவிடுறார். எத்தனை தடவை நேரம் குறிக்கிறது?

ஒருவர் துரத்த, மற்றவர் ஒதுங்க, ஒதுங்குவதைப் பார்த்து முதலாமவர் இன்னும் வேகமாகத் துரத்துவது தம்பதியர் ஆய்வில் வெகு காலமாகப் பேசப்படும் ஒரு சுழல். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்ற உளவியலாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இதில் துரத்துபவர் குரலை உயர்த்தினால் சுழல் இறுகும். நேரம் குறிக்கும் பொறுப்பை ஒதுங்குபவர் கையில் கொடுத்தால் பல வீடுகளில் அது தளர்கிறது.

முதல் தடவை நழுவினால் சும்மா விட்டுவிடுங்கள், நிஜமாகவே தலைவலியாக இருக்கலாம். இரண்டாவது தடவை இப்படி எழுதுங்கள்: "ரெண்டு தடவை தள்ளிப் போயிடுச்சு. எந்த நாள், எவ்வளவு நேரம்னு நீங்களே சொல்லுங்க, இந்த வாரத்துக்குள்ள இருந்தா போதும். அரை மணி நேரம்னாலும் சரி." நாளை அவரிடம் விட்டாலும் எல்லையை நீங்கள் வைக்கிறீர்கள். அந்த எல்லையும் தாண்டிப் போனால், இனி அதுதான் பேச வேண்டிய விஷயம்: "கார்டு பாக்கியை விட, நம்மால அதைப் பத்தி உக்காந்து பேசவே முடியலங்கறதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு." மூன்றாவது ஆள் ஒருவரின் உதவி தேவையா என்று யோசிக்கும் கட்டமும் இதுதான்.

எனக்கு டைப் பண்ணவே வராது. வாய்ஸ் மெசேஜா போடலாமா?

தாராளமாக. ஒரு வகையில் அதுவே மேல், தொனி குரலில்தான் போய்ச் சேரும். 2005இல் வெளியான ஒரு ஆய்வில், தாங்கள் கிண்டலாகச் சொல்கிறோமா நிஜமாகச் சொல்கிறோமா என்பது மின்னஞ்சலைப் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ கிட்டத்தட்ட பூவா தலையா போட்டுப் பார்த்த அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். அதே வாசகங்களைக் குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அழுதுகொண்டோ மூச்சு வாங்கியபடியோ பதிவு செய்யாதீர்கள், அரை நிமிடத்தைத் தாண்டாதீர்கள். அவர் அதை நாலு பேர் நடுவில் ஸ்பீக்கரில் போட்டுவிடவும் கூடும். அதனால் முதலில் "தனியா இருக்கும்போது கேளுங்க" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் சிரிப்புப் பொம்மை போட்டுச் சமாளிப்பது எனக்குப் பிடிக்காது. சீரியஸான விஷயமா விளையாட்டா என்று குழப்புவதுதான் அதன் பலன்.

ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருக்கோம். வீடியோ கால்தான். அப்பவும் இதே மாதிரியா?

அதே மாதிரிதான், இரண்டு திருத்தங்களோடு. நேரத்தை யார் ஊர் நேரம் என்று சேர்த்து எழுதுங்கள். பேசி முடித்ததும் அவர் தனியாக அந்த அறையில் இருக்கப் போகிறார், தோளில் கை வைக்க ஆளில்லை. ஆகவே நள்ளிரவிலோ வேலைக்குக் கிளம்பும் முன்போ முடிகிற மாதிரி குறிக்காதீர்கள். மறுநாள் மறுபடி ஒரு சின்ன அழைப்புக்கும் அந்தச் செய்தியிலேயே நேரம் சொல்லிவிடுவது நல்லது.

எனக்குத்தான் "ஈவ்னிங் பேசணும்"னு மொட்டையா ஒரு மெசேஜ் வந்திருக்கு. நான் என்ன பண்ண?

எதிரில் இருப்பவருக்கு மேலே சொன்னதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: "கண்டிப்பா பேசலாம். எதைப் பத்தின்னு மட்டும் சொல்லிடு, இல்லன்னா நாள் பூரா எனக்கு வேலை ஓடாது." இது நியாயமான கேள்வி. தலைப்பு கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். விவரத்தைத் தோண்டினால், "இப்பவே சொல்லு" கேள்விக்கான பதிலில் உள்ள மறுமுனையில் நீங்கள் நிற்பீர்கள்.

கிடைத்த நேரத்தில் எதிர்வாதம் தயாரிப்பவர்கள் உண்டு. அதைவிடத் தகவலைத் தயாரிப்பது பயன் தரும். நம் உதாரணத்துக் கணவர் மாலைக்குள் செய்யக்கூடிய மிக நல்ல காரியம், கார்டின் மொத்தப் பாக்கி, வட்டி, கடைசியாகக் கட்டிய தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவது. பேச்சு "ஏன் மறைச்சீங்க"வில் தொடங்கினாலும் சீக்கிரமே அந்தத் தாளுக்கு வந்துவிடும்.

நேரமும் வந்துடுச்சு, உக்காந்தும்விட்டோம். எப்படி ஆரம்பிக்கிறது? மெசேஜ்ல சொன்னதையே திரும்பச் சொல்லணுமா?

மெசேஜின் முதல் வரியையே வாயால் சொல்லித் தொடங்குங்கள். "பில்லைப் பார்த்ததுல இருந்து எனக்குக் கவலையா இருக்கு." அது ஏற்கெனவே அவருக்குத் தெரிந்த வரி என்பதால் அதிர்ச்சி இராது. செய்தியில் ஒன்றும் நேரில் வேறொன்றும் பேசினால் அதுதான் பதுங்கிப் பாய்வது. கார்டு என்று கூப்பிட்டுவிட்டு, அவர் அம்மா பேசியது, போன வருடம் மறந்த பிறந்தநாள் என்று அவிழ்த்தால் அடுத்த தடவை நீங்கள் எதற்குக் கூப்பிட்டாலும் அவர் வர மாட்டார்.

ஜான் காட்மனும் சிபில் கரேரும் புதுமணத் தம்பதியர் 124 ஜோடிகளின் வாக்குவாதத்தைப் பதிவு செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதற்கான அறிகுறி பேச்சின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தெரிந்தது. கடுமையாகத் தொடங்கிய பேச்சு கடைசியில் மென்மையாக முடிவது அபூர்வம். நடுவில் யாருக்காவது நெஞ்சு படபடத்து, எதிராளி சொல்வது காதில் ஏறாத நிலை வந்தால் நிறுத்துங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் நிதானமாக யோசிப்பது கடினம் என்று காட்மன் சொல்கிறார். அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் கேட்கிறார். எழுந்து போகும்போது "9.50க்குத் திரும்ப உக்காருவோம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அது இடைவேளையாகத் தெரியாது, கதவைச் சாத்திவிட்டுப் போனதாகத்தான் தெரியும்.

இப்பெல்லாம் என் பேர் போன்ல வந்தாலே அவருக்கு பக்குன்னு இருக்காம். நான் அடிக்கடி இப்படி அனுப்புறேனோ?

அனுப்புகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. காய்ந்த துணியை மடித்து வைக்காதது, போனில் பேசும்போது டிவி சத்தம் என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தால் ஒவ்வொரு செய்தியும் சம்மன் ஆகிவிடும். ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடிகிறதை அப்போதே, சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். முடிவு எடுக்க வேண்டியதும், சொன்னால் மனம் கலங்கக்கூடியதும் மட்டும் இந்த வழிக்கு வரட்டும்.

பேச வேண்டியவை உண்மையிலேயே நிறைய சேர்ந்திருந்தால், வாரம் ஒரு முறை ஒரே நாளில் அரை மணி நேரம் என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது தனித்தனியாகச் செய்தியே வேண்டாம். "இந்த வாரம் ஸ்கூல் ஃபீஸ் பத்தியும் பார்த்துடலாம்" என்று ஒரு வரி போதும். அன்று பேச ஒன்றுமில்லை என்றாலும் உட்காருங்கள், அந்த நாள் வந்தாலே வம்பு என்ற எண்ணம் வராமல் இருக்கும்.

தப்பு என் மேலதான். நான் மறைச்ச ஒரு விஷயத்தைச் சொல்லப் போறேன். இதுக்கும் முன்கூட்டியே சொல்லணுமா?

சொல்லலாம், ஆனால் இடைவெளியைச் சுருக்குங்கள். இங்கே தலைப்பைச் சொல்வதே கடினம், ஏனென்றால் தலைப்பே விஷயம். "நான் உன்கிட்ட மறைச்ச ஒண்ணு இருக்கு. என் தப்பு. நேர்ல சொல்லணும், இன்னும் ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடுவேன்" என்பது வரை போகலாம். யார் பக்கம் தப்பு என்பது தெரிவதே அவருக்குப் பாதி ஆறுதல், தன்னிடம் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

பணம் சம்பந்தப்பட்டதா, உறவு சம்பந்தப்பட்டதா என்று எந்த வகை என்பதையாவது சேர்த்துவிடுங்கள். "பெருசா ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று மட்டும் எழுதாதீர்கள். பெரிதா இல்லையா என்று தீர்மானிப்பவர் அவர். மன்னிப்பையும் செய்தியில் வாங்கிவிடப் பார்க்காதீர்கள், "மன்னிப்பியா?" என்ற கேள்விக்கு விவரம் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

பிரியறதுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். அதுக்கும் இப்படி மெசேஜ் போடுறதா?

நேரம் குறியுங்கள், ஆனால் முன் சொன்ன மாதிரியை அப்படியே எடுக்காதீர்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம்" என்பது இங்கே பொய். முடிவு எடுத்தாகிவிட்டது, அவரை ஆலோசனைக்குக் கூப்பிடுவது போல் காட்டினால் பிறகு அந்த வரிதான் அவர் மனதில் ஆறாமல் நிற்கும். "நம்ம உறவைப் பத்தி முக்கியமா பேசணும். இன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்கு வரட்டுமா?" என்ற அளவில் நிறுத்துங்கள். படித்தவர் பெரும்பாலும் யூகித்துவிடுவார், அது பரவாயில்லை, கேட்கப்போவதற்கு மனம் கொஞ்சம் தயாராகும். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைப்பது கொடுமை. அவர் "பிரியணும்னு சொல்லப் போறியா?" என்று நேராகவே கேட்டுவிட்டால் மழுப்பாதீர்கள். "ஆமா. நேர்ல வந்து பேசணும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இப்போது நேரில் பார்க்க விருப்பமா என்று கேளுங்கள்.

அவர் கோபம் வந்தா கை நீட்டுவார். முன்கூட்டியே சொன்னா அன்னைக்கு என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் செய்யாதீர்கள். முன்கூட்டிச் சொல்வது என்பது இரண்டு பேருக்கும் பயமில்லாத வீட்டுக்கான வழி. அடிக்கிறவரிடம், மிரட்டுகிறவரிடம், போனைப் பிடுங்கிப் பார்க்கிறவரிடம் நேரம் குறித்துக் கொடுப்பது அவருக்குத் தயாராக அவகாசம் கொடுப்பதுதான். குறிப்பாக, பிரியப் போகிறேன் என்று சொல்லும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் இப்படிப்பட்ட உறவுகளில் மிகவும் ஆபத்தானவை.

முதலில் நம்பிக்கையான ஒருவரிடமோ குடும்ப வன்முறை உதவி எண்ணிலோ பேசுங்கள், அதுவும் அவர் கைக்குக் கிடைக்காத போனிலிருந்து. அடையாள ஆவணங்கள், கொஞ்சம் பணம், மருந்து எல்லாம் வெளியே ஒருவரிடம் இருக்கட்டும். அவரிடம் சொல்லியே ஆக வேண்டுமென்றால், நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் போதும். எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் செய்தியில் எழுதாதீர்கள், போனில் இருப்பிடத்தைப் பகிரும் வசதியையும் அணைத்துவிட்டு அனுப்புங்கள்.